எழுத்தில்லாத நான்காம் கல்



சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் பிரசங்கத்திற்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தபோது, நம் சபையின் இளம் மகள் ஒருத்தி ஆலய அலுவலகத்திற்கு வந்தாள். ஓசூர் சிப்காட்டில் இரவுப் பணி செய்கிறவள். நாற்காலியில் அமர்ந்தவள் ஒன்றும் பேசாமல் தன் கைப்பேசியில் ஒரு புகைப்படத்தைத் திறந்து என் முன் வைத்தாள். வெள்ளைத் துணியின்மேல் நான்கு சிறு கற்கள். மூன்றில் ஏதோ கோடுகள் இருந்தன. நான்காவது கல்லில் ஒன்றுமே இல்லை.

"ஐயா, இந்த நாலாவது கல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

அவளுடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவில் வேலை செய்யும் ஒரு வாலிபனும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். இரு வீட்டாருக்கும் தெரியும்; மறுப்பும் இல்லை. ஆனால் ஆறு வாரங்களாக அவன் சரியாகப் பேசுவதில்லை. செய்தி அனுப்பினால் ஒரு சொல்லில் பதில். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதும் நின்றுவிட்டது. இதற்கிடையே கிருஷ்ணகிரியிலிருந்து இன்னொரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுடைய அப்பா கெடு வைத்திருக்கிறார். தோழி ஒருத்தி அவளைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்றிருக்கிறாள். அங்கே ஒரு பெண்மணி எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, துணிப்பைக்குள் கைவிட்டு மூன்று கற்களை எடுக்கச் சொல்லி, பிறகு இன்னொன்றையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இதற்கு 'ரூன்' பார்த்தல் என்று பெயர்.

நான் முதலில் செய்ய நினைத்தது, நீங்கள் எதிர்பார்ப்பதைத்தான். உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்து, குறி கேட்பது தேவனுக்கு ஏற்காதது என்று எடுத்துச் சொல்லி, ஜெபித்து அனுப்பிவிடுவது. அது தவறும் அல்ல. ஆனால் அவள் கண்களைப் பார்த்தபோது, அந்த வசனம் அவளுக்குத் தெரியாததனால் அவள் அங்கே போகவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஞாயிறு பள்ளியில் அதை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் அவள். ஆகவே, அந்தக் கற்களையே சற்றுப் பார்ப்போம் என்றேன்.

ரூன் என்பது அடிப்படையில் ஓர் எழுத்து. இன்றைய ஜெர்மனி, டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் பழங்கால மக்கள் மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் செதுக்கி எழுதிய வரிவடிவம் அது. மரத்தில் வெட்டுவதற்கு வசதியாக வளைவுகள் இல்லாமல் நேர்கோடுகளாலேயே அமைந்தது. பழைய வரிசையில் இருபத்து நான்கு எழுத்துகள் உண்டு. சுவீடனின் காட்லாந்து தீவில் கிடைத்த, ஏறக்குறைய கி.பி. 400ஆம் ஆண்டைச் சேர்ந்த கைல்வர் கல்லில் அந்த வரிசை முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒலியோடுகூட ஒரு பெயரும் உண்டு. பனி, பயணம், கொடை, கால்நடை என்று அந்த மக்களின் அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்த பெயர்கள்.

இதைக் கேட்டவுடன், பிசாசின் எழுத்து என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் பரிசுத்த கத்பர்ட்டின் உடலை 698ஆம் ஆண்டில் வைத்த மரப்பெட்டியில் கிறிஸ்துவின் பெயரையும் சில சுவிசேஷகர்களின் பெயர்களையும் ரூன் எழுத்திலேயே பொறித்திருக்கிறார்கள். அவள் என் முன் வைத்த கைப்பேசியிலும் இரண்டு ரூன்கள் இருந்தன! புளூடூத் குறியைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் புளூடூத் என்னும் அரசனுடைய பெயரின் இரண்டு முதலெழுத்துகளை ரூன் வடிவில் ஒன்றாகச் சேர்த்ததுதான் அது. டேனிய மக்களைக் கிறிஸ்தவர்களாக்கியவன் என்று அவன் தன்னைப் பற்றி யெல்லிங் என்னும் ஊரில் ஒரு பெருங்கல்லில் எழுதி வைத்தான். அதுவும் ரூன் எழுத்தில்தான். எழுத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறி கேட்கும் பழக்கத்திற்கு வருவோம். மூன்று என்னும் எண் எங்கிருந்து வந்தது என்றால், ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்து கி.பி. 98 அளவில் ஜெர்மானியரைப் பற்றி எழுதிய நூலில் ஒரு விவரம் இருக்கிறது. கனி தரும் மரத்தின் கிளையைச் சிறு துண்டுகளாக வெட்டி, வேறுபடுத்தும் குறிகளை இட்டு, வெள்ளைத் துணியின்மேல் சிதறவிடுவார்கள். ஊர்க்காரியமானால் பூசாரியும், வீட்டுக்காரியமானால் குடும்பத் தலைவனும் வானத்தை நோக்கியபடி மூன்று துண்டுகளை ஒவ்வொன்றாக எடுப்பான். அந்தக் குறிகள் ரூன் எழுத்துகள்தாம் என்று தாசித்து சொல்லவில்லை. வேறொன்றையும் கவனியுங்கள். விடை 'வேண்டாம்' என்று வந்தால் அன்றைக்கு அதைப் பற்றி மறுபடியும் கேட்கமாட்டார்கள். 'ஆகட்டும்' என்று வந்தாலும் அது போதாது. பறவைகளின் குரல், குதிரைகளின் கனைப்பு என்று வேறு சாட்சியும் தேடுவார்கள். அந்தக் காட்டுவாசிகளே மூன்று துண்டுகளை முற்றிலும் நம்பவில்லை.

எழுதாத நான்காம் கல்லோ தாசித்துவிடமும் இல்லை, கைல்வர் கல்லிலும் இல்லை. அது வந்தது 1982இல். ரால்ஃப் பிளம் என்னும் அமெரிக்க எழுத்தாளர் ரூன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, அதனோடு கற்கள் அடங்கிய பையையும் சேர்த்து விற்றார். இருபத்து நான்கு எழுத்துகளோடு எழுத்தில்லாத ஒரு கல்லையும் இருபத்தைந்தாவதாக அதில் சேர்த்தார். அறியப்படாதது, விதி, ஓடின் என்னும் பழைய தெய்வம் என்றெல்லாம் அதற்குப் பொருள் சொன்னார். எழுத்து வரிசை ஒன்றில் எழுத்தில்லாத எழுத்து எப்படி இருக்கும் என்று ரூன் பார்ப்பவர்களிலேயே பலர் அந்தக் கல்லைப் பைக்குள் போடுவதில்லை. ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைமை என்று சொல்லி அவள்முன் வைக்கப்பட்டது என்னைவிட வயதில் இளையது. கருங்கல் வெட்டிப் பிழைக்கும் நம் மாவட்டத்தில் எழுதாத கல்லுக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்தாயே அம்மா என்றேன். அவள் சற்றுச் சிரித்தாள். அந்த மாலையில் முதல்முறையாக.

பிறகு அவள் எடுத்த மூன்று கற்களைப் பார்த்தோம். முதலாவது பெருக்கல் குறி போன்ற 'கெபோ', பொருள் கொடை. இரண்டாவது ஒற்றைச் செங்குத்துக் கோடு, 'ஈசா', பொருள் உறைபனி. மூன்றாவது ஆங்கில 'ஆர்' எழுத்தைப் போன்ற 'ரைதோ'. பொருள் சவாரி, பயணம். அது தலைகீழாக வந்திருந்தது. குறி சொன்னவர் இவற்றை முறையே கடந்தது, நடப்பது, வரப்போவது என்று வைத்தார். கடந்த காலத்தில் உங்கள் அன்பு உண்மையான கொடையாக இருந்தது. இப்போது எல்லாம் உறைந்து நிற்கிறது. முன்னால் இருக்கும் பயணம் தடைப்படும், அல்லது வேறு பாதையில் திரும்பும். நான்காவது வெறுங்கல்லாக வந்தபோது, "முடிவை விதி இன்னும் காட்டவில்லை. பனி உடையும்வரை நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். இருபத்தொரு நாள் கழித்து மறுபடியும் வாருங்கள்" என்றார்.

"அப்படியே என் நிலைமையைச் சொன்னாங்க ஐயா. நான் எதுவுமே சொல்லலை" என்றாள்.

நான் ஒரு தாளைக் கிழித்து, அந்த மூன்று குறிகளையும் மூன்று துண்டுகளில் வரைந்து, இடம் மாற்றி வைத்தேன். பனி முதலில், பயணம் நடுவில், கொடை கடைசியில். இப்போது நீ படி என்றேன். தயங்கித் தயங்கிப் படித்தாள்: முதலில் நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தோம், இப்போது ஏதோ அசைகிறது, கடைசியில் ஒன்றுசேருவோம். படித்து முடித்ததும் அவளே நிமிர்ந்து பார்த்தாள். பழகிய புதிதில் இருவரும் மூன்று மாதம் பேசாமலே ஒரே பேருந்தில் போய்வந்தார்களாம்! அதுவும் அப்படியே பொருந்தியது. மூன்று கற்களை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ஆறையும் வைத்துப் பார்த்தோம். பொருந்தாத வரிசை ஒன்றுகூட இல்லை. கொடையும் பனியும் தலைகீழாக வைத்தாலும் அதே உருவம்தான். ரைதோ மட்டும் புரளும். அதைப் புரட்டியபோதும் பொருந்தவே செய்தது.

இதற்குக் காரணம் கல்லில் இல்லை. விரும்பிப் பழகிய எந்த இருவருக்கும் நடுவே கொடுத்தலும் உண்டு, உறைதலும் உண்டு, போக்குவரத்தும் உண்டு. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்னும் உளவியல் ஆசிரியர் தம் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்தார். ஒவ்வொருவரின் குணத்தையும் ஆராய்ந்து எழுதியதாகச் சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி நான்குக்கு மேல் வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள் என்று. பெரும்பகுதி கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அந்தப் பெண்மணி ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. தாம் சொல்வதைத் தாமே நம்புகிறவராகவும் இருக்கலாம். பொருத்துகிற வேலையைச் செய்தது கேட்டவளுடைய மனம். தவிக்கிற மனம் அதை வெகு வேகமாகச் செய்யும்.

நான்காவது கல் அவளுக்கு வந்தது அபூர்வம் என்று தோழி சொல்லியிருந்தாள். அதையும் கணக்குப் பார்த்தோம். இருபத்தைந்து கற்களில் நான்கை எடுத்தால், அந்த வெறுங்கல் நான்கில் ஒன்றாக இருப்பதற்கான வாய்ப்பு இருபத்தைந்துக்கு நான்கு; நூற்றுக்கு பதினாறு. ஒரு நாளில் ஆறு பேர் வந்து நான்கு நான்காக எடுத்தால், சராசரியாக ஒருவருக்கு அது கிடைத்துவிடும். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறவளுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு நம் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நீங்களே என்னைக் கேட்பீர்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைக்காக நாம் வரிசையில் நிற்கிறோம். எடுத்த வசனத்தில் 'மணவாளன்' என்று ஒரு சொல் இருந்தால், அந்த ஆண்டே மகளுக்குக் கலியாணம் என்று ஆனந்தப்படுகிற தாய்மார்களை நான் அறிவேன். பிடிக்காத வசனம் வந்தால் சத்தமில்லாமல் உள்ளே போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறவர்களையும் அறிவேன், பெயர் சொல்லமாட்டேன். இதே ஊரில் நம் அயலகத்தார் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலமாகக் கட்டிவைத்துக் குழந்தையை எடுக்கச் சொல்லும்போது நாம் புன்னகை செய்கிறோம். அவர்களும் நம்மைப் பார்த்துப் புன்னகை செய்யலாம்.

நம் முன்னோடிகளில் பெரியவர் ஒருவரும் இதில் இடறினார். ஜான் வெஸ்லி, முப்பத்து மூன்று வயதில், அமெரிக்காவில் ஜார்ஜியாவின் சவன்னா நகரில் போதகராக இருந்தார். சோபியா ஹாப்கி என்னும் இளம்பெண்மேல் அவருக்கு அன்பு உண்டாயிற்று. மணப்பதா, விடுவதா என்று மாதக்கணக்கில் அலைபாய்ந்தார். 1737 மார்ச் 4ஆம் நாள் அவரும் நண்பர் ஒருவரும் ஜெபித்துவிட்டு மூன்று சீட்டுகள் எழுதினார்கள். ஒன்றில் மணந்துகொள் என்றும், இன்னொன்றில் இந்த ஆண்டு அதை நினைக்காதே என்றும், மூன்றாவதில் இனி நினைக்கவே வேண்டாம் என்றும் பொருள்பட எழுதியிருந்தது. நண்பர் டெலமோட் எடுத்தது மூன்றாவது சீட்டு. எட்டு நாள் கழித்து, மார்ச் 12இல், சோபியா வேறொருவரை மணந்துகொண்டார். அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆகஸ்டு மாதத்தில் வெஸ்லி அந்தப் பெண்ணுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார், வழக்கு எழுந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் ஜார்ஜியாவைவிட்டே அவர் வெளியேற நேர்ந்தது. சீட்டு அவருடைய இருதயத்தை அமைதிப்படுத்தவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மூன்று சீட்டுகள் எழுதினார்களே, அந்தப் பெண்ணிடமே போய்க் கேள் என்று ஒரு சீட்டு எழுத அங்கிருந்த இருவருக்கும் தோன்றவில்லை.

வெஸ்லி மிகவும் மதித்த மொரேவிய சகோதரர்கள் சீட்டுப் போடுவதில் தேர்ந்தவர்கள். நம் தரங்கம்பாடிக்கே அவர்கள் 1760இல் வந்து தோட்டம் அமைத்துத் தங்கினார்கள். ஆண்டுதோறும் வசனக் கையேடு அச்சிடும் வழக்கமும் அவர்களிடமிருந்து வந்ததுதான். திருமணத்திற்கும் அவர்கள் சீட்டுப் போட்டார்கள். பெரும்பாலும் மூன்று சீட்டுகள்: ஆம், இல்லை, பிறகு எழுதாத ஒன்று. அந்த வெற்றுச் சீட்டு வந்தால், இந்தக் கேள்வியைக் கேட்க இது நேரமல்ல, அல்லது கேட்ட விதமே சரியல்ல என்று கொள்வார்கள். போய்க் கேள்வியைத் திருத்திக்கொண்டு வருவார்கள். 'ஆம்' என்று சீட்டு வந்த பிறகும், சம்மதமில்லை என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு உரிமை இருந்தது. அப்படியிருந்தும் தங்கள் இளைஞரிடையே மனக்குறை பெருகியதால், 1818இல் பொதுவான சபையாரின் திருமணத்திற்குச் சீட்டுப் போடுவதைக் கட்டாயமில்லை என்று அவர்கள் தளர்த்திவிட்டார்கள்.

வேதத்திலும் சீட்டு உண்டே என்பீர்கள். உண்டு. அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தில் மத்தியா சீட்டினால் தெரிந்துகொள்ளப்பட்டார். ஆனால் அதற்கு முன்பே தகுதி பார்த்து, விசாரித்து, இரண்டே பேராகக் குறைத்திருந்தார்கள். ஆவியானவர் இறங்கிய பிறகு அப்போஸ்தலர் சீட்டுப் போட்டதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. இந்தக் காரியத்தில் எனக்கு அதிகமாகப் பேசுவது மத்தியாவின் சீட்டைவிடச் சவுலின் கதை. முதலாம் சாமுவேல் இருபத்தெட்டாம் அதிகாரத்தில் அவன் விசாரித்தபோது சொப்பனத்தாலும் பதில் இல்லை, ஊரீமினாலும் இல்லை, தீர்க்கதரிசிகளாலும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது ஒரு வெறுங்கல். அந்த மவுனத்தைத் தாங்க முடியாமல்தான் இரவில் மாறுவேடம் தரித்து எந்தோருக்குப் போனான். தாவீதோடு சமாதானமாகப் பேசும் வழி பல ஆண்டுகளாக அவனுக்குத் திறந்தே இருந்தது. அந்தப் பக்கம் அவன் திரும்பவில்லை.

பிரியமானவர்களே, அந்த நான்காம் கல்லின்மேல் எனக்குள்ள வழக்கு இதுதான். 'தெரியாது' என்று அது சொல்வதில் எனக்கு வருத்தமில்லை. நான்கு கற்களில் உண்மை பேசியது அது ஒன்றே. ஆனால் எல்லாத் தெரியாமையையும் ஒரே கல்லில் அது அடக்கிவிடுகிறது. இருவருக்கு நடுவே மூன்று விதமான தெரியாமை இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து இவன் எப்படிப்பட்ட கணவனாக இருப்பான் என்பது எவருக்குமே தெரியாது. தேவன் ஒருவருக்கே தெரியும். அவன் ஏன் ஆறு வாரமாகப் பேசவில்லை என்பது அவளுக்குத்தான் தெரியாது. அவனுக்கு நன்றாகவே தெரியும். இன்னொன்றும் உண்டு: அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தன்னால் தாங்க முடியுமா என்பது. அது அவளுக்குள்ளேயே இருக்கிறது; அவள் பார்க்க அஞ்சுகிறாள். முதலாவதற்கு ஜெபமும் காத்திருப்பும் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு பேருந்துச் சீட்டு போதும். விதி காட்டவில்லை என்று சொல்லிவிட்டால் இரண்டாவதும் முதலாவதைப் போலவே ஆகிவிடுகிறது. பொம்மசந்திராவில் இருக்கிற ஒரு விடையை நட்சத்திரங்களுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

நீங்களாக எதுவும் செய்யாதீர்கள் என்ற அந்த ஆலோசனையையும் மறந்துவிடாதீர்கள். இருபத்தொரு நாள் கழித்து அவள் போயிருந்தால், அப்பா கொடுத்த கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருக்கும். பனி என்று ஒரு கல்லுக்குப் பெயர் இருந்ததற்காக, அதற்குள் அவளுடைய வாழ்க்கையைப் பற்றி வேறொருவர் முடிவெடுத்திருப்பார்.

ஒருவர் ரூன் பார்த்தாலும், சோதிடம் பார்த்தாலும், வசனப் பெட்டியில் கைவிட்டாலும், நான் இப்போது ஒன்றைத்தான் கேட்கிறேன்: கிடைத்த விடை உங்களை அந்த மனிதரிடம் பேசப் போகச் சொல்கிறதா, பேசாமலிருக்கச் சொல்கிறதா? பேசாமலிருக்கச் சொல்லி, மறுபடியும் தன்னிடமே வரச் சொன்னால், சந்தேகப்படுங்கள். முதல் விடை உங்களுக்கு ஆறுதல் தராமல் மறுநாளே இன்னொரு கல்லோ இன்னொரு அட்டையோ எடுக்கத் தோன்றினால், அப்போதும் நின்று யோசியுங்கள்.

அந்த மாலையில் அவளை ஒரு தாளில் கேள்விகளை எழுதச் சொன்னேன். முதலில் அவள் எழுதியது: "எங்கள் எதிர்காலம் என்ன?" இதற்கு அந்தத் தம்பியால் பதில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அடித்துவிட்டாள். பிறகு எழுதினாள்: ஞாயிற்றுக்கிழமை ஏன் வருவதில்லை? வேலையில் ஏதாவது பிரச்சினையா? வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா? கிருஷ்ணகிரி சம்பந்தத்தைப் பற்றி உனக்குத் தெரியுமா? ஒவ்வொன்றும் அவனால் பதில் சொல்லக்கூடிய கேள்வி. கடைசியாக, வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னும் என்னை விரும்புகிறாயா என்று எழுதினாள். அதன்பின் இருவரும் ஜெபித்தோம். ஆயரம்மா அவளை வீட்டுக்குள் அழைத்துக் காபி கொடுத்தார்கள்.

புதன்கிழமை இரவுப் பணி முடிந்து, உறங்காமலே அத்திப்பள்ளிக்குப் பேருந்து ஏறியிருக்கிறாள். பேருந்து நிறுத்தத்தருகே ஒரு தேநீர்க் கடையில் அவன் வந்து காத்திருந்தான். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த அவனை இரண்டு மாதங்களுக்கு முன்பே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாள்கூலிக்கு எங்கெங்கோ போய்க்கொண்டிருக்கிறான். நிரந்தர வேலை இல்லாமல் அவளுடைய அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் ஒதுங்கியிருக்கிறான். கடைசிக் கேள்விக்கு அவன் ஆம் என்றுதான் சொன்னான். ஆனாலும் ஆறு வாரம் தன்னிடம் மறைத்ததை அவளால் எளிதாக விட்டுவிட முடியவில்லை. அது நியாயமான வருத்தம் என்றே நானும் நினைக்கிறேன். அவன் வேலையை இழந்ததைவிட, அதைச் சொல்லத் துணியாததையே அவள் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

அவளுடைய அப்பாவிடம் நானும் ஒரு மூப்பரும் போய்ப் பேசினோம். கெடுவை ஈஸ்டர் வரைக்கும் தள்ளிவைக்கச் சம்மதித்தார். கிருஷ்ணகிரி வீட்டாருக்கு உண்மையைச் சொல்லியாயிற்று. அந்தத் தம்பி போன ஞாயிறு ஆலயத்திற்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விட்டான். திருமணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இப்போது அவள் அதைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை, அவனிடம் கேட்கிறாள்.